எட்டில் ஐந்து

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவர் ஒருவர்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள் பெரியோர்கள். அளக்காமல் போட்டவன் ஒருவனின் கதையைத்தான் ஈண்டு எழுதப் புகுகின்றேன். அந்த ஒருவன் வேறு யாருமல்லன், நானேதான். போட்டது நெல்லோ பொன்னோ அன்று. தேர்வுக்கூடத்தில் இருபத்தெட்டு நிமிடங்கள்.

என் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். தந்தையார் கொத்தனார். வினாத்தாளை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர எங்கள் தெருவில் எவரும் இல்லை. பள்ளியில் படித்தபோது, "தெரிந்ததையெல்லாம் எழுது, ஒன்றையும் விடாதே" என்று கேட்டதே எனக்கு வேதவாக்கு. அந்த வாக்கை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் முதலாம் ஆண்டில் பொருட்பண்புகள், இயக்கவியல் தாளுக்கான மாதிரித் தேர்வை எழுதினேன்.

அந்தத் தாளுக்கு மூன்று மணி நேரம், 75 மதிப்பெண், தேர்ச்சி பெற 30 வேண்டும். 'அ' பிரிவில் பத்துக் குறுவினாக்கள், தலா 2 மதிப்பெண். 'ஆ' பிரிவில் எட்டு வினாக்கள். அவற்றுள் "எவையேனும் ஐந்தனுக்கு மட்டும் விடை தருக", தலா 5 மதிப்பெண். 'இ' பிரிவில் ஐந்து வினாக்கள். எவையேனும் மூன்று, தலா 10 மதிப்பெண்.

'ஆ' பிரிவில் 11 முதல் 18 வரையுள்ள எட்டு வினாக்களைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒன்றைத் தவிர ஏழும் எங்கோ படித்தவையாகத் தோன்றின. "ஐந்து கேட்கிறார்கள், நாம் ஏழு கொடுப்போம், திருத்துபவர் மனம் குளிராதா?" என்று எண்ணி, வரிசையாக ஏழையும் எழுதினேன். விட்ட ஒன்று 14ஆம் வினா. அது கணக்கு என்பதால் விட்டேன். 'அ' பிரிவுக்கு 40 நிமிடங்களும் 'ஆ' பிரிவுக்கு 98 நிமிடங்களும் போயின. எஞ்சிய 42 நிமிடங்களில் 'இ' பிரிவில் ஒரு வினாவை முழுதாகவும் ஒன்றைப் பாதியாகவும் எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டது. மூன்றாவதற்கு எண் மட்டும் போட்டிருந்தேன்.

விடைத்தாள் திரும்பி வந்தது. 'அ' பிரிவில் 8, 'ஆ' பிரிவில் 13, 'இ' பிரிவில் 8. மொத்தம் 29. ஒரு மதிப்பெண்ணில் தோல்வி.

அன்று மாலை வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தந்தையார் சாந்து படிந்த கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, அஞ்சு ஜன்னல் வெக்கச் சொன்னவன் வீட்டுல ஏழு ஜன்னல் வெச்சா, ஏழுக்குமா கூலி குடுப்பான்?" எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் பாடம் நடத்தும் பேராசிரியரிடம் போய் நின்றேன்.

ஆறாவது விடையின் விலை

பேராசிரியர் என் விடைத்தாளைப் புரட்டி, 'ஆ' பிரிவில் தாம் போட்டிருந்த மதிப்பெண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொன்னார். நான் எழுதிய வரிசைப்படி அவை 3, 3, 3, 2, 1, 1, 2.

"கூட்டு" என்றார். 15 வந்தது. "நான் எவ்வளவு தந்திருக்கிறேன்?" "13 ஐயா." "ஏன்?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் விளக்கினார். ஏழு விடை எழுதினாலும் கணக்கில் ஏறுவது ஐந்துதான். அவர் ஏழையும் திருத்தி, உயர்ந்த ஐந்தை எடுத்துக்கொண்டார். 3, 3, 3, 2, 2 சேர்ந்து 13. முதலில் எழுதிய ஐந்தை மட்டும் எடுத்திருந்தால் 12. ஆக, கடைசியாக எழுதிய இரண்டு விடைகளாலும் எனக்குக் கிடைத்த ஆதாயம் ஒரே ஒரு மதிப்பெண். ஒரு விடைக்குச் சராசரியாக 14 நிமிடம் எடுத்துக்கொண்டவன் நான். அப்படியானால் அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு நான் கொடுத்த விலை 28 நிமிடம். 'இ' பிரிவிலோ 26 நிமிடத்தில் ஒரே வினாவில் 6 மதிப்பெண் பெற்றிருந்தேன்.

நண்பர்களே, இந்த இடத்தில்தான் எனக்குக் கண் திறந்தது. ஆறாவது விடைக்கு 2 மதிப்பெண் போட்டால், நம் கணக்கில் 2 கூடிவிட்டதாக நினைக்கிறோம். அது தவறு. ஏற்கெனவே எழுதிய ஐந்தில் மிகக் குறைந்ததை அது வெளியே தள்ளிவிட்டுத்தான் உள்ளே வர முடியும். ஆகவே அது தருவது தன் மதிப்பெண்ணை அன்று. தனக்கும் தான் வெளியேற்றிய விடைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. ஐந்தாவது விடை 3 பெறுவதாய் இருந்து, ஆறாவதும் 3 பெற்றால் ஆதாயம் சுழியம்.

இதுவும் உயர்ந்த ஐந்தை எடுக்கும் இடத்தில்தான். வரிசைப்படி முதல் ஐந்தோடு நிறுத்திவிடும் தேர்வுகளும் உண்டு. அங்கே ஆறாவது விடை எவ்வளவு சிறந்ததாயினும் வெற்றுத்தாளுக்குச் சமம்.

எழுதாதே, தேர்ந்தெடு

பிறகு பேராசிரியர் அதே வினாத்தாளை மேசைமேல் விரித்தார். என் பேனாவை வாங்கி மூடி வைத்துவிட்டு, "தம்பி, இப்போது ஒன்றும் எழுதாதே. தேர்ந்தெடுத்து மட்டும் காட்டு" என்றார்.

ஒவ்வொரு வினாவுக்கும் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் மூன்று கேள்விகளை என்னையே நான் கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்குரிய படம் கண்முன் வருகிறதா? முதல் சமன்பாடு எது? கடைசியில் வரவேண்டிய முடிவு எது? மூன்றுக்கும் விடை இருந்தால் அது முழு விடை. இரண்டுக்கு இருந்தால் பாதிக்கு மேல் தேறும். ஒன்றுக்கு மட்டுமே இருந்தால், அந்த வினா எனக்குப் பார்த்த முகமே ஒழியப் பேசிப் பழகிய முகம் அன்று.

11ஆம் வினா, இரு வழவழப்பான கோளங்களின் நேர்மோதல். படம் வந்தது, உந்த மாறாக் கோட்பாடு முதல் சமன்பாடு என்பது தெரிந்தது, முடிவு நினைவில் இல்லை. 3 மதிப்பெண் எதிர்பார்க்கலாம். 12, கூட்டு ஊசல். இதுவும் அவ்வாறே, 3. 13, வட்டத்தட்டின் நிலைமத் திருப்புத்திறன். வளையங்களாகப் பிரித்துத் தொகையிட வேண்டும். முடிவு MR²/2 என்பதும் தெரியும். தொகையிடலில் தடுமாறக்கூடும் என்பதால் 3 என்றே குறித்தேன்.

15, மீட்சிக் குணகங்களுக்கிடையேயான தொடர்பு. முடிவு மட்டும் மனப்பாடம், நடுவழி தெரியாது. 16, பாய்சொய் வாய்பாடு. முதல் நாள்தான் படித்தேன். ஆயினும் முதல் சமன்பாட்டை எழுதச் சொன்னபோது கை வரவில்லை. 17, பெர்னௌலி தேற்றம். கூற்று தெரியும், மெய்ப்பித்தல் தெரியாது. இந்த இரண்டிலும் நான் ஒவ்வொரு மதிப்பெண் பெற்றதன் காரணம் இப்போது விளங்கிற்று. அவற்றைப் பார்த்ததும் "தெரியும்" என்று தோன்றியது அண்மையில் படித்ததால்தான். அண்மையில் படித்தது வேறு, அறிந்தது வேறு.

18, சோப்புக் குமிழியின் உள்ளே மிகை அழுத்தம். இது எனக்கு நன்கு தெரியும். குமிழியை நடுவே இரு பாதியாகப் பிளந்ததாகக் கொண்டால், அழுத்தம் தள்ளும் விசை p × πr². அதைத் தாங்கி நிற்பது விளிம்பிலுள்ள பரப்பு இழுவிசை. குமிழிக்கு உள்ளும் புறமுமாக இரு பரப்புகள் இருப்பதால் அது 2 × 2πrT. இரண்டையும் சமப்படுத்தினால் p = 4T/r. நான்கே வரி. ஆனால் இதைக் கடைசியில் எழுதினேன். 'இ' பிரிவுக்குப் பறக்கும் அவசரத்தில் இரு பரப்புகள் என்பதை மறந்து 2T/r என முடித்து, 2 மதிப்பெண் பெற்றிருந்தேன்.

இறுதியாக 14, நான் தொடாமலே விட்ட கணக்கு. 2 மீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் விட்டமும் உடைய எஃகுக் கம்பியில் 5 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு நீளும்? யங் குணகம் 2 × 10¹¹ நியூட்டன்/மீ². பேராசிரியர் பேனாவைத் திருப்பித் தந்து, "இதை மட்டும் போடு" என்றார்.

நீட்சி = FL / (πr²Y). இங்கு F = 5 × 9.8 = 49 நியூட்டன்; L = 2 மீ; r = 0.5 × 10⁻³ மீ. குறுக்குப் பரப்பு 7.85 × 10⁻⁷ மீ². ஆகவே நீட்சி = 98 / (1.57 × 10⁵) = 6.2 × 10⁻⁴ மீ, அதாவது ஏறத்தாழ 0.62 மில்லிமீட்டர். கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு நிமிடங்கூட ஆகவில்லை.

கணக்கைக் கண்டு அஞ்சுபவர்கள் என்னைப்போல் பலர் உண்டு. விடை பிழையானால் எல்லாம் போய்விடும் என்பது நம் அச்சம். எங்கள் பேராசிரியர் திருத்தும் முறையில் வாய்பாட்டுக்கு, அலகு மாற்றத்துக்கு, பதிலிடுதலுக்கு, விடைக்கு எனத் தனித்தனி மதிப்பெண் உண்டு. விட்டத்தை ஆரமாக எடுத்துக்கொள்வதே இக்கணக்கில் வழக்கமான பிழை. அப்படிச் செய்தால் பரப்பு நான்கு மடங்காகி, நீட்சி கால் பங்காகக் குறைந்து 0.16 மில்லிமீட்டர் என வரும். அப்போதும் வாய்பாட்டு மதிப்பெண் போகாது. வருவித்தல் வினாவில் நடுவே ஒரு படி மறந்தால் மேலே நகரவே முடியாமல் நிற்கிறோம். வாய்பாடு தெரிந்த கணக்கில் அந்த இடர் குறைவு.

எனவே நான் தேர்ந்தெடுத்தவை 14, 18, 13, 11, 12. எதிர்பார்த்த மதிப்பெண்கள் முறையே 5, 4, 3, 3, 3. கூடுதல் 18. மாற்றாக ஒன்றிருக்கட்டும் என்று 15ஐக் குறித்துக்கொண்டேன். நான் பெற்றதோ 13. அறிவில் ஒரு துளியும் கூடாமல், தேர்வு செய்ததனால் மட்டும் 5 மதிப்பெண் வேறுபாடு. அவ்வைந்தை 29 உடன் கூட்டினால் 34, தேர்ச்சி. ஒரு விடைக்கு 12 நிமிடம் எனக் கொண்டால் ஐந்துக்கும் ஒரு மணி நேரம். மிஞ்சும் 38 நிமிடமும் 'இ' பிரிவுக்கு.

எழுதும் வரிசையும் இதுவே: உறுதியானது முதலில். வினா எண்ணைத் தெளிவாக எழுதினால் போதும். 18ஐ 11க்கு முன்னால் எழுதுவதில் குற்றமில்லை.

நடுவழியில் நின்றுவிட்டால்

தேர்ந்தெடுத்து எழுதத் தொடங்கிய வினாவே பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? அடித்துவிட்டு மாற்று வினாவுக்குத் தாவலாமா? இதை நான் கேட்டபோது, "மேலே சொன்ன கணக்கையே திரும்பவும் போடு" என்றார் பேராசிரியர்.

எட்டு நிமிடம் எழுதிவிட்டேன், 2 மதிப்பெண் அளவுக்குத் தேறியிருக்கிறது, மேலே போகவில்லை. மாற்று வினா 3 மதிப்பெண் தரும், 12 நிமிடம் எடுக்கும். மாறினால் எனக்குக் கூடுவது 3 அன்று; 3 − 2 = 1. அதே 12 நிமிடத்தை 'இ' பிரிவில் செலவிட்டால் ஏறத்தாழ 3 மதிப்பெண் வரும். ஆகவே மாறக்கூடாது, எழுதிய அளவில் நிறுத்தி, கீழே சிறிது இடம் விட்டு, அடுத்த வினாவுக்குப் போக வேண்டும். எழுதியதை அடிக்கவும் கூடாது. அதிலுள்ள 2 மதிப்பெண் நம்முடையது.

ஆனால் தொடங்கி இரண்டு நிமிடத்துக்குள், படம்கூடப் போடாத நிலையிலேயே கை ஓடவில்லை என்று தெரிந்தால் கதை வேறு. அப்போது இழப்பதற்கு ஒன்றுமில்லை. மாற்று வினாவின் 3 மதிப்பெண்ணும் முழுமையாக வரும். மாறுவதானால் தொடக்கத்திலேயே மாற வேண்டும். பாதி எழுதிய பின் மாறுவது பெரும்பாலும் நட்டம்.

இதே காரணத்தால் ஐந்தில் ஒன்றை வெறுமையாக விடுவதும் தவறு. நான்கே தெரிந்தாலும் ஐந்தாவதற்கு ஒரு படமும் ஒரு வரையறையும் எழுதினால் ஒன்றோ இரண்டோ கிடைக்கும். அதற்கு ஆகும் நேரம் மூன்று நிமிடம். ஆறாவதற்கு 14 நிமிடம் செலவழித்துப் பெற்றதைவிட இது மேல்.

"எவையேனும்" என்பது எப்போதும் "எவையேனும்" அன்று

எட்டில் எவையேனும் ஐந்து என்றால், தேர்ந்தெடுக்கும் வழிகள் 56 என்பதைச் சேர்மானக் கணக்கு படித்தவர் அறிவர். எல்லாத் தேர்விலும் இவ்வளவு விடுதலை கிடைப்பதில்லை.

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடத்தாளை எடுத்துக்கொள்வோம். அதிலும் எட்டு வினாக்கள், ஐந்துக்கு விடை. ஆனால் வினாக்கள் இரு பிரிவுகளாக உள்ளன. முதல் வினாவும் ஐந்தாம் வினாவும் கட்டாயம். எஞ்சிய ஆறில் மூன்று எழுத வேண்டும். அம்மூன்றில் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும். ஆறில் மூன்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 20. மூன்றையும் ஒரே பிரிவிலிருந்து எடுக்கும் இரண்டு வழிகளுக்கு இடமில்லை. மிஞ்சுவது 18. "எட்டில் ஐந்து" என்று மட்டும் படித்துவிட்டு, அடுத்த வரியைப் படிக்காமல் எழுதுபவர் 56 வழிகளில் ஏதோ ஒன்றில் நடப்பார்; அது அந்தப் பதினெட்டில் ஒன்றாக இல்லாவிட்டால் அவர் உழைப்பில் ஒரு பங்கு வீண்.

அத்தாள்களில் இன்னொரு விதியும் அச்சிடப்பட்டுள்ளது. விடைகள் எழுதிய வரிசைப்படியே கணக்கில் கொள்ளப்படும். அடிக்கப்படாத விடை பகுதியளவே எழுதப்பட்டிருந்தாலும் ஒரு முயற்சியாகக் கொள்ளப்படும். அங்கே இரண்டு வரி எழுதிக் கைவிட்ட வினாவை அடிக்காமல் விட்டால், அது ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னால் எழுதிய நல்ல விடையை வெளியே நிறுத்திவிடும். ஆகவே முதலில் படிக்க வேண்டியது வினாக்களை அல்ல. வினாக்களுக்கு மேலேயுள்ள இரண்டு வரிகளையும் விடைத்தாளின் முகப்பையும்.

எத்தனை அலகுகளை விடலாம்?

"எட்டில் ஐந்துதானே, இரண்டு அலகுகளை விட்டுவிட்டால் என்ன?" என்று கேட்கும் நண்பர்கள் விடுதியில் உண்டு. அதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். எங்கள் தாளில் ஐந்து அலகுகள். எட்டு வினாக்களில் மூன்று அலகுகளுக்கு இரண்டிரண்டும், இரண்டு அலகுகளுக்கு ஒவ்வொன்றும் வந்திருந்தன. எந்த அலகுக்கு இரண்டு வரும் என்பது முன்கூட்டித் தெரியாது.

ஓர் அலகை விட்டால் குறைந்தது ஆறு வினாக்கள் கையில் இருக்கும், ஐந்தைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டை விட்டால்? ஐந்து அலகுகளில் இரண்டை விடும் வழிகள் பத்து. அவற்றில் மூன்றில் இரண்டிரண்டாக வந்த அலகுகளே போய்விடும். நான்கு வினாக்கள்தாம் மிஞ்சும். ஆறு வழிகளில் சரியாக ஐந்து மிஞ்சும். ஒரே ஒரு வழியில்தான் ஆறு மிஞ்சும். அதாவது பத்துக்கு ஒன்பது வழிகளில் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லை. வந்ததை எழுத வேண்டியதுதான். "எட்டில் ஐந்து" என்று கொடுத்த சலுகையைப் படிக்கும்போதே செலவழித்துவிட்டால், தேர்வுக்கூடத்தில் செலவழிக்க ஒன்றும் இராது.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. தேர்ந்தெடுத்ததால் எனக்குக் கூடியது 5 மதிப்பெண். 'அ' பிரிவில் நான் இழந்த 12 மதிப்பெண்களை எந்தத் தேர்வு முறையும் மீட்டுத் தராது. அங்கே எல்லா வினாக்களும் கட்டாயம், வரையறைகள் எனக்குத் தெரியவில்லை. அதற்குப் படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை, படித்தேன்.

அடுத்து வந்த பல்கலைக்கழகத் தேர்வில், 'ஆ' பிரிவு வந்ததும் பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன். நான்கு நிமிடம் எட்டு வினாக்களையும் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முன் இருக்கை நண்பர் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார், உள்ளுக்குள் உதறல்தான். ஐந்து எண்களுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தேன். ஒரு கணக்கும் அவற்றுள் இருந்தது. ஐந்தை எழுதி முடித்து, ஒரு கோடு கிழித்து, 'இ' பிரிவுக்குப் போனேன். மூன்று வினாக்களையும் எழுதிய பிறகும் ஏழு நிமிடம் இருந்தது. 75க்கு 47 பெற்றுத் தேர்ச்சியடைந்தேன்.

மதிப்பெண் பட்டியலைத் தந்தையாரிடம் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இந்தத் தடவ அஞ்சு ஜன்னல்தானே வெச்ச?"

"ஆமாம்ப்பா, அஞ்சுதான்."